வகுப்பில் பேன்: பெயர் எழுதாத கடிதத்திலும் பெயர் கசியும்

கேள்வி: "நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 26 பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தையின் தலையில் பேன் ஊர்வதைப் பார்த்தேன். எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் எந்தக் குழந்தையும் கூனிக்குறுகக் கூடாது. என்ன எழுதுவது, எப்படி அனுப்புவது?"

நீங்கள் கடிதத்தில் பெயரை எழுதப் போவதில்லை. யாருமே எழுதுவதில்லை. ஆனாலும் பெரும்பாலான வகுப்புகளில் கடிதம் போன மறுநாளே பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அது கழித்தல் கணக்கில் தெரிகிறது. கடிதத்தில் ஒரு சொல் பிள்ளைகளில் பாதிப் பேரை விலக்கிவிடும். அனுப்பிய நாள் இன்னும் சிலரை விலக்கும். பெற்றோர் அனுப்பும் பதில்கள் மீதியை விலக்கும். கடைசியில் ஒரே ஒரு பிள்ளை மிஞ்சும். தொடக்கப் பள்ளிகளில் செவிலியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, இந்தக் கணக்கை யாரும் போட முடியாதபடி எப்படி எழுதுவது, எப்போது அனுப்புவது என்பதைத்தான்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பணியில் சேர்ந்த தொடக்கத்தில், ஒரு வகுப்பாசிரியை சொன்னதன் பேரில், ஒரு சிறுமியை நண்பகலுக்கு முன் என் அறைக்கு அழைத்து வரச் சொல்லித் தலையைப் பார்த்தேன். பேன் இருந்தது. பிற்பகலில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் ஒரு கடிதம் வைக்கச் செய்தேன். "இன்று நம் வகுப்பில் ஒரு மாணவிக்குத் தலையில் பேன் இருப்பது கண்டறியப்பட்டது, பெண் குழந்தைகளின் பெற்றோர் கூடுதல் கவனம் செலுத்தவும்" என்பது அதன் முதல் வரி. மிகவும் நாகரிகமாக எழுதியிருப்பதாகத்தான் நினைத்தேன். "இன்று", "ஒரு", "மாணவி" ஆகிய மூன்று சொற்களும், அன்று வகுப்பிலிருந்து செவிலியர் அறைக்கு அழைக்கப்பட்டவள் ஒருத்திதான் என்ற செய்தியும் சேர்ந்தால் விடை என்ன என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களுக்குப் படிக்கவும் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒருவன் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்திருக்கிறான். மறுநாள் காலை அவளுடைய பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, தன் புத்தகப் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் சுவர்போல் நிறுத்தி வைத்திருந்ததை நானே பார்த்தேன். அந்தப் பை கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கேயே இருந்தது.

அன்று நான் அவ்வளவு அவசரப்பட்டிருக்கத் தேவையே இல்லை. பேனின் வாழ்க்கைச் சுழற்சியைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பேன் முடியின் அடியில், தோலை ஒட்டி ஈர் வைக்கிறது. அது பொரிய ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானே ஈர் வைக்கத் தொடங்க மேலும் 9 முதல் 12 நாள் ஆகும். முதன்முறையாகப் பேன் வரும் தலையில் அரிப்பு உடனே தொடங்குவதில்லை. பேனின் எச்சிலுக்கு உடல் ஒவ்வாமை காட்டிய பிறகே அரிக்கும், அதற்கு 4 முதல் 6 வாரம் வரைகூட ஆகலாம். ஆகவே நீங்கள் செவ்வாய்க்கிழமை பார்த்த பேன் செவ்வாய்க்கிழமை வந்ததன்று. பெரும்பாலும் ஒரு மாதமாக அந்தக் குழந்தை அதோடுதான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அன்றே வீட்டுக்கு அனுப்புவதால் தடுக்கப்படுவது ஒன்றுமில்லை. குழந்தைக்கு வேறு உடல்நலக் குறை இல்லாதபோது, பேனையோ ஈரையோ காரணம் காட்டிப் பள்ளிக்கு வரவிடாமல் செய்யக் கூடாது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2022 அறிக்கையில் கூறுகிறது. உங்கள் பள்ளியிலோ உங்கள் பகுதிச் சுகாதாரத் துறையிலோ இதற்கு மாறான விதி எழுத்தில் இருந்தால், அதை மீறும்படி நான் சொல்ல மாட்டேன். விதி என்னவென்று முதலில் பார்த்துவிட்டுக் கடிதத்தின் கடைசிப் பத்தியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். விதி இல்லாத இடத்தில், இரண்டு மூன்று நாள் பொறுத்து அனுப்புவதால் மருத்துவ ரீதியாக நீங்கள் இழப்பது மிகக் குறைவு. குழந்தைக்குக் கிடைப்பதோ அதிகம்.

அந்த இடைவெளியில் முதலில் செய்ய வேண்டியது அந்தக் குடும்பத்திடம் மட்டும் தனியாகப் பேசுவது. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரத்தில் வாசலில் நின்றபடி சொல்லாதீர்கள்; குரலைத் தாழ்த்துவதே பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. மாலையில் தொலைபேசியில் சொல்லுங்கள். நான் சொல்லும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம் அம்மா, பாப்பா நன்றாக இருக்கிறாள், பயப்படும்படி எதுவும் இல்லை. அவள் தலையில் ஒரு பேன் பார்த்தேன். வகுப்பில் யாருக்கும் தெரியாது, அவளிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு வழக்கம்போல் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் வரும், உங்களுக்கும் வரும். அதில் உங்களைப் பற்றி எதுவும் இருக்காது." இதில் முதல் வரி மிக முக்கியம். பள்ளியிலிருந்து அழைப்பு என்றதும் தாய் பதறுவாள். அந்தப் பதற்றத்தோடு பேன் என்ற சொல்லையும் கேட்டால் அடுத்து நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. வெள்ளிக்கிழமைக் கடிதத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்வதும் அதே அளவு முக்கியம். சொல்லாவிட்டால், அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் நொடியில் தன்னைத்தான் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைப்பார். "நாளைக்கு வழக்கம்போல் அனுப்புங்கள்" என்பதை நான் இருமுறை சொல்வேன், ஏனெனில் வெட்கப்படும் குடும்பம் முதலில் செய்வது குழந்தையை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்வதுதான். கடிதம் வரும் நாளில் வெறுமையாக இருக்கும் அந்த ஒரு இடம் பெயரைச் சொல்லிவிடும்.

கடிதத்தை வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நீங்கள் பார்த்த நாளுக்கும் கடிதத்துக்கும் மூன்று நாள் தள்ளி வருகிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையும் நினைவில் வைத்து இணைக்காது. அதற்குள் அந்தக் குடும்பம் முதல் வைத்தியத்தை முடித்திருக்கும். மற்ற வீடுகளில் தலையைப் பொறுமையாக வாரிப் பார்க்க விடுமுறை நாளில்தான் நேரம் கிடைக்கும். வெள்ளியன்று அந்தக் குழந்தை வராவிட்டால் மட்டும் திங்களுக்குத் தள்ளிவிடுங்கள். அப்போது கடிதத்தில் உள்ள கிழமையை மாற்ற மறக்க வேண்டாம்.

நான் பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தும் கடிதம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"அன்புள்ள பெற்றோருக்கு, நம் வகுப்பில் தலைப்பேன் இருப்பது தெரியவந்துள்ளது. இந்த வயதுப் பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து விளையாடுவதாலும் படிப்பதாலும் தொடக்கப் பள்ளிகளில் இது அடிக்கடி நேர்வதுதான். நாள்தோறும் தலைக்குக் குளிக்கும் பிள்ளைக்கும் வரும். நீள முடியிலும் வரும், குட்டை முடியிலும் வரும். தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை.

"இந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் வீட்டில் உள்ள எல்லாருடைய தலையையும் பாருங்கள். முடியை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, பிறகு பேன் சீப்பைத் தோலில் படும்படி வைத்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறை வாரியதும் சீப்பை வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள். பேன் எள்ளளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் பாருங்கள்.

"உயிருள்ள பேன் தென்பட்டால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு அவர்கள் சொல்லும் மருந்தை, சொல்லும் முறையில் பயன்படுத்துங்கள். பேன் தென்படாத தலைக்கு மருந்து வேண்டாம். மண்ணெண்ணெய், பூச்சி மருந்து போன்றவற்றை ஒருபோதும் தலையில் தடவக் கூடாது. மொட்டையடிக்கவோ முடியை வெட்டவோ தேவையில்லை.

"பேன் இருந்தாலும் பிள்ளை வழக்கம்போல் பள்ளிக்கு வரலாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை. பேன் சீப்போ வேறு உதவியோ தேவைப்பட்டால் என்னிடம் தனியாகக் கேளுங்கள். அது நமக்குள் இருக்கும்."

முதல் வரியில் எண்ணிக்கை இல்லை, ஆண் பெண் இல்லை, நாள் இல்லை, "கண்டறிந்தோம்" என்ற சொல்லும் இல்லை. கண்டறிந்தோம் என்றால் யார், எப்போது, யார் தலையில் என்ற கேள்வி கூடவே வரும். "நம் வகுப்பில் பேன் இருப்பது" என்பது ஒரு தலையில் இருந்தாலும் ஆறு தலையில் இருந்தாலும் உண்மைதான். ஆகவே இது பொய்யில்லை. பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த ஒரு தலையில் மட்டும் அது இருப்பதுமில்லை. உங்கள் கண்ணில் பட்ட குழந்தைதான் அதைக் கொண்டுவந்தது என்று எந்த ஆதாரமும் கிடையாது. முடி ஒதுங்கிய நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கம் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

எல்லாராலும் நல்லெண்ணத்தில் எழுதப்படும் ஒரு வரியை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: "பிள்ளைகளின் தலையைச் சுத்தமாக வைத்திருக்கவும்." இந்த ஒரு வரி போதும், கடிதம் முழுவதும் காட்டிய கனிவைக் கெடுக்க. அது அந்தக் குடும்பத்தைப் பார்த்து, உங்கள் வீட்டில் சுத்தமில்லை என்று சொல்கிறது. மற்ற குடும்பங்களிடம், எங்கள் வீடு சுத்தம், எங்களுக்கு வராது என்ற பொய்யான நிம்மதியைத் தருகிறது. மருத்துவ ரீதியாகவும் அது தவறு. பேனுக்கு வேண்டியது தலைத்தோலின் இரத்தமும் வெதுவெதுப்பும்தான்; அழுக்கு அல்ல. சாதாரண ஷாம்பூவால் கழுவினால் அது போகாது. முடியை இறுகப் பற்றிக்கொள்ளும், நீருக்குள் பல மணி நேரம் உயிரோடு இருக்கவும் முடியும். "பாதிக்கப்பட்ட குழந்தைகள்", "தொற்று பரவுகிறது", "உடனடி நடவடிக்கை" போன்ற சொற்களையும் இதே காரணத்தால் தவிர்க்கிறேன். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

வீட்டைக் கழுவு, மெத்தையை வெயிலில் போடு, பொம்மைகளைப் பையில் கட்டு என்று நீளும் பட்டியலும் அந்தக் கடிதத்தில் இல்லை. பேன் தாவாது, பறக்காது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது ஊர்ந்து போகும். தலையிலிருந்து விழுந்த பேன் உணவில்லாமல் ஓரிரு நாளில் செத்துவிடும். ஈரும் தலைத்தோலின் சூடு இல்லாமல் பொரிவது அரிது. சீப்பு, தலையணை உறை வழியாகப் பரவவே பரவாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அது நடக்கலாம்; ஆனால் அதன் பங்கு சிறியது. பேன் உள்ள வீட்டில் கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்தால் போதும், அதையும் அந்தக் குடும்பத்திடம் தொலைபேசியில் சொல்லிவிடலாம். நீண்ட பட்டியலை 26 வீட்டுக்கும் அனுப்பினால், இவ்வளவு வேலையை யார் நமக்கு இழுத்துவிட்டது என்று 25 வீடு தேடத் தொடங்கும்.

மொட்டை பற்றிய வரியைப் பலர் தேவையற்றது என்று நினைப்பார்கள். அது கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மொட்டையடித்தால் பேன் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமை கடிதம் வந்து திங்கட்கிழமை ஒரு பிள்ளை மொட்டைத் தலையோடு வகுப்பில் நுழைந்தால், நாம் மறைத்ததெல்லாம் வீண். தலைக்குத் துணி கட்டி அனுப்புவதும் அப்படித்தான்.

கடிதத்தில் எந்த மருந்தின் பெயரையும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெர்மெத்ரின் 1 விழுக்காடு பரவலாகப் பயன்படுகிறது. அது பேனைக் கொல்லும், பொரியாத ஈரைக் கொல்லாது, ஆகவே 9 ஆம் நாள் அளவில் மறுமுறை தடவ வேண்டும். பல இடங்களில் பேன் அதற்குப் பழகிவிட்டது. டைமெத்திக்கோன் போன்ற, மூச்சுத்திணறச் செய்து கொல்லும் வகைகளும் உள்ளன. எது எந்த வயதுக்கு ஏற்றது, கைக்குழந்தையோ கருவுற்ற தாயோ உள்ள வீட்டில் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தந்த மருத்துவர் சொல்ல வேண்டியது, ஆசிரியர் கடிதத்தில் அடங்குவதன்று. மருந்தே வேண்டாம் என்ற குடும்பத்துக்கு ஈரமுடியில் வாரும் முறை உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1, 5, 9, 13 ஆம் நாள்களில் வாரச் சொல்கிறது, 17 ஆம் நாள் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. இந்த எண்கள் ஏன் என்றால், முதல் நாள் ஈராக இருந்தவை பொரிந்து வெளிவந்து, வளர்ந்து ஈர் வைக்கும் முன்பே சீப்பில் மாட்டிவிட வேண்டும். மூன்று முறை வாரிவிட்டு, இனி இல்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்துவிட்டது என்பார்கள். உண்மையில் அது போகவே இல்லை.

அனுப்பும் வழியில்தான் அடுத்த கசிவு. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவில் கடிதத்தைப் போட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர், "பார்த்துவிட்டோம், எங்கள் பையனுக்கு இல்லை" என்று எழுதுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பொறுப்பான பெற்றோர். அடுத்தவர் "எங்களுக்கும் இல்லை". இரவு பத்து மணிக்குள் இருபது பேர் இல்லை என்று எழுதியிருப்பார்கள். எழுதாத ஆறு பேரில் ஒருவர் அந்தத் தாய். அவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது மௌனமாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே காகிதக் கடிதமாகவோ, ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனிச் செய்தியாகவோ அனுப்புங்கள். குழுவில்தான் போட வேண்டும் என்றால், நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை முதலில் மாற்றிவிட்டுப் போடுங்கள். இதே காரணத்தால் கடிதத்தின் அடியில் "பேன் உள்ளது / இல்லை" என்று குறித்துக் கிழித்து அனுப்பும் சீட்டும் வேண்டாம். அந்தச் சீட்டுகளைப் பிள்ளைகள்தான் கையில் கொண்டுவருவார்கள், மேசையில் அடுக்குவார்கள், படிப்பார்கள். பள்ளி நிர்வாகம் உறுதிச்சீட்டு கேட்டே தீரும் என்றால், "தலையைப் பார்த்தோம்" என்ற ஒரே வரியோடு நிறுத்துங்கள்; எல்லா வீட்டாரும் உண்மையோடு கையெழுத்திடக்கூடிய வரி அது.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒருவராவது உங்களிடம் நேரில் கேட்பார்: "யாருக்கு டீச்சர்? என் பொண்ணு யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று தெரிந்தால்தானே?" பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள், யோசித்துச் சொல்லும் பதிலில் முகம் காட்டிக்கொடுக்கும். "யாருடைய வீட்டுச் செய்தியையும் நான் இன்னொருவரிடம் சொல்வதில்லை, உங்கள் வீட்டுச் செய்தியையும் அப்படித்தான் வைத்திருப்பேன். பக்கத்தில் யார் என்பதைவிட அவள் தலையை வாரிப் பார்ப்பதுதான் உங்களுக்கு உறுதியைத் தரும்." கேட்பவர் சில பெயர்களைச் சொல்லி, அவளா, இவளா என்பார், ஒரு பெயருக்கு மட்டும் "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அப்பாவிக் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லும் ஒவ்வொரு "இல்லை"யும் கழித்தல் கணக்கில் ஒரு படி. இருக்கையை மாற்றித் தரும்படி கேட்டால், அந்த மாதம் வகுப்பு முழுவதற்கும் இருக்கை மாற்றுங்கள், அல்லது யாருக்கும் மாற்றாதீர்கள்.

வகுப்பில் வரிசையாக நிற்கவைத்துத் தலை பார்ப்பதையும் நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது பிள்ளைகளை நாணச் செய்கிறது. அதனால் பள்ளியில் பேன் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. போதாக்குறைக்கு, அவசரத்தில் பார்க்கும் கண் பொடுகையும் முடியில் ஒட்டிய தோலுறையையும் ஈர் என்று எண்ணிவிடும். பொடுகை ஊதினால் அசையும், ஈர் நகத்தால் உருவினாலும் எளிதில் வராது. ஈராகவே இருந்தாலும், தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெற்றுக்கூடு; முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் அது பழைய கதை. நீங்கள் ஊர்வதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்கள் விஷயத்தில் ஐயமில்லை. ஈர் மட்டும் பார்த்திருந்தால் வகுப்புக்குக் கடிதமே வேண்டாம், அந்த வீட்டாரிடம் வாரிப் பார்க்கச் சொன்னால் போதும் என்றிருப்பேன்.

வகுப்பு முழுவதற்கும் கடிதம் அனுப்புவது நல்லதா என்பதிலேயே நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அத்தகைய கடிதங்கள் தேவையற்ற பீதியை உண்டாக்குகின்றன, பேன் வருவது யாரோ செய்த தவறு என்ற எண்ணத்தை வலுப்படுத்துகின்றன என்பது ஒரு தரப்பு. எல்லா வீடும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒரு தலையில் ஒழித்தது இன்னொரு தலையிலிருந்து திரும்பி வராது என்பது மறு தரப்பு. நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால் அது என் அனுபவத்தின் சாய்வு, நிறுவப்பட்ட உண்மையன்று. முதல் தரப்பின் அச்சத்தையும் தீர்க்க நான் கண்ட வழி, கடிதத்தை எந்தக் குழந்தையோடும் தொடர்பில்லாததாக ஆக்குவது. கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பின்னும் இதே கடிதத்தை, முதல் வரியை மட்டும் "பள்ளி திறந்திருப்பதால் வழக்கம்போல் தலை பார்க்கும் வாரம்" என்று மாற்றி, எல்லா வகுப்புகளுக்கும் அனுப்புகிறோம். இடையில் எங்காவது பேன் தென்பட்டால், அடுத்து வரவேண்டிய கடிதம் சற்று முன்னதாக வருகிறது. பெற்றோருக்கு அது பழகிய காகிதம். யாருக்கு என்ற கேள்வி எழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த முறை உங்களுக்கு அதற்கு நேரமில்லை. அடுத்த விடுமுறை முடிந்ததும் தொடங்கலாம்.

ஒரு கடிதம், அடுத்த வெள்ளிக்கிழமை "நாளை இரண்டாம் முறை தலை பார்க்கும் சனிக்கிழமை, மறக்க வேண்டாம்" என்று ஒற்றை வரி நினைவூட்டல், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது கடிதம் போனால் பெற்றோர் பேனைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடுவார்கள். அந்தக் குழந்தையின் தலையில் மூன்று வாரம் கழித்தும் பேன் தெரிந்தால், அது வகுப்புக்குச் சொல்ல வேண்டிய செய்தியன்று. மருந்து முறையாகத் தடவப்பட்டதா, இரண்டாம் முறை தடவினார்களா, வீட்டில் எல்லாருடைய தலையும் பார்க்கப்பட்டதா, சீப்பின் பற்கள் போதிய அளவு நெருக்கமானவையா என்று அந்தத் தாயிடம் மறுபடியும் தொலைபேசியில் கேட்க வேண்டிய செய்தி. தலைத்தோலில் சொறிந்த புண் சீழ் வைத்திருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஐந்தாறு பேன் சீப்புகள் வைத்திருப்பேன். கேட்பவருக்கு, உள்ளே என்ன என்று தெரியாத பழுப்பு உறையில் போட்டு, வீட்டுப்பாட நோட்டுக்குள் வைத்து அனுப்புவேன்.